திறந்து பார்க்க 500 ரூபா: கைபேசி திருத்தும் மேசையில் பேசப்பட வேண்டிய கணக்கு

கண்டியில் பழுதான கைபேசியோடு ஒரு கடைக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு வரும்?” என்பதுதான். நகரத் தெருக்களிலும் சரி, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் சரி, இதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு” என்பார். இன்னொருவர், “வைத்துவிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்” என்பார். மூன்றாமவர், “திறந்து பார்க்க ஐந்நூறு, பாகம் மாற்ற வேண்டியிருந்தால் அது வேறு” என்பார்.

மூன்றாவது பதிலைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பார்ப்பதற்கும் காசா என்ற கேள்வி வாய்வரை வரும். ஆனால் மூன்று கடைகளில், நம்முடைய காசு எதற்குப் போகிறது என்பதைச் சொல்லத் தயாராக இருப்பது அந்தக் கடை மட்டும்தான். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே அது பிழைக்கிறது, மேசையில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பேராதனையில் படிக்கும் வடக்கு, கிழக்கு மாணவர்களுக்கும், கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களுக்கும், தெல்தோட்டை, கலஹா, புசல்லாவ பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. இப்படி ஒரு மேசையைப் போட்டுப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

இலவசமாகப் பார்ப்பதற்கு யார் காசு கொடுக்கிறார்?

ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் தொகைகள் எல்லாம் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் வேலை செய்யும் சிறிய கடை. வாடகை 40,000 ரூபா. மின்சாரம், இன்டர்நெட், தொலைபேசி 8,000. நுண்ணோக்கி, சூட்டுக்காற்று இயந்திரம், பற்றவைக்கும் முனைகள், துப்புரவாக்கும் திரவம் போன்றவற்றின் தேய்மானமும் செலவும் 7,000. வேலை செய்கிறவர் தனக்கு எடுக்க வேண்டிய சம்பளம் 85,000. மொத்தம் மாதம் 140,000 ரூபா. இதில் கவர், டெம்பர்ட் கிளாஸ், ரீலோட் விற்பனையில் 40,000 வந்துவிடுகிறது என்று வைத்தால், திருத்த வேலை சுமக்க வேண்டியது 100,000.

மாதம் 25 நாள் கடை திறக்கிறார். நாளுக்கு எட்டுப் போன் திறந்தால் மாதம் 200. ஒரு லட்சத்தை 200 ஆல் பிரித்தால் போனுக்கு 500 ரூபா. அதுதான் அந்தக் கட்டணம். யாரும் வாய்க்கு வந்தபடி சொன்ன தொகை அல்ல. கடை மந்தமாகி நாளுக்கு ஐந்து போன்தான் வருகிறதென்றால் அதே கணக்கு 800 ஆகிவிடும். அப்போது கட்டணத்தைக் கூட்டினால் ஆட்கள் இன்னும் குறைவார்கள். ஆகவே மந்தமான மாதத்தில் செய்ய வேண்டியது வாடகையையும் கவர் விற்பனையையும் பார்ப்பதே. 500 ஐ 800 ஆக்குவது அல்ல.

இனி “பார்ப்பது இலவசம்” என்று பலகை தொங்கும் கடைக்கு வருவோம். அந்தக் கடைக்கும் அதே வாடகை, அதே மின்சாரம்தான். 200 பேர் வந்து, விலையைக் கேட்டுவிட்டு 80 பேர் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டால், மீதி 120 பேரின் பில்லில்தான் அந்த ஒரு லட்சமும் ஏற வேண்டும். ஆளுக்கு 833 ரூபா. ஆனால் அது எந்தப் பில்லிலும் தனி வரியாக இருக்காது. டிஸ்பிளே விலைக்குள் கரைந்திருக்கும். இலவசம் என்ற சொல்லுக்கு உண்மையில் காசு கொடுத்தவர் திருத்தச் சம்மதித்தவர்தான்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. இலவசமாகப் பார்க்கும் கடைக்காரருக்கு எதையாவது மாற்றினால்தான் வருமானம். சார்ஜ் ஏறாத போனில் துவாரத்துக்குள் பஞ்சு அடைத்திருந்தால், அதை ஊசியால் எடுத்துவிட்டு “ஒன்றுமில்லை, கொண்டு போங்க” என்று சொல்ல அவருக்கு மனம் வர வேண்டும். பலருக்கு வருகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் மனத்தை நம்பி ஒரு கடையின் வருமானத்தை அமைக்கக் கூடாது. பார்த்ததற்கே கூலி கிடைத்துவிட்டால், உண்மையைச் சொல்வதில் அவருக்கு நட்டமில்லை.

அதே காரணத்தால், “திருத்தினால் பார்வைக் கட்டணத்தைக் கழித்துவிடுவோம்” என்ற வழக்கத்தையும் நான் விரும்பவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கழித்த 500 வேறு எங்கோ சேரத்தான் செய்யும். சேருமிடம் பாகத்தின் விலை. பிறகு பாகத்தின் விலையைத் திறந்து காட்ட முடியாமல் போகிறது. கட்டணம் சிறிதாக இருக்கட்டும், எவருக்கும் கழிக்காமல் இருக்கட்டும் என்பதே நேரான வழி.

எந்த நிமிடத்திலிருந்து கட்டணம் ஆரம்பிக்கிறது என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆணி கழற்றுவதை அல்லது பின்மூடியைச் சூடாக்கித் திறப்பதை எல்லையாக வைப்பது எல்லோருக்கும் விளங்கும். அதற்கு முன்னே மேசையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை நிறைய. வேறு கேபிளில் போட்டுப் பார்ப்பது, துவாரத்தைத் துப்புரவாக்குவது, எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறது என்று காட்டும் சிறிய யூஎஸ்பி மீற்றரை இடையில் செருகிப் பார்ப்பது. இவற்றுக்குக் காசு வாங்காத கடைக்காரர், அடுத்த முறை 500 என்று சொல்லும்போது வாடிக்கையாளர் அதை நம்புவார்.

பாகத்தின் மேல் வைப்பது எதற்கு?

இரண்டாவது வரி பாகத்தின் விலை. கண்டிக் கடைகளுக்கான பாகங்களில் பெரும்பகுதி கொழும்பு புறக்கோட்டையிலிருந்துதான் வருகிறது. அங்கே 5,800 ரூபாவுக்கு எடுத்த டிஸ்பிளேயை 7,250 க்குக் கொடுத்தால், மேலே வைத்தது 25 சதவீதம். பார்க்கிறவருக்கு அந்த 1,450 ரூபாவும் சும்மா வந்த இலாபம் போலத் தெரியும்.

அப்படியல்ல என்பதற்கு ஒரு சிறிய கணக்கு. 20 டிஸ்பிளே வாங்கினார், செலவு 116,000. அதில் ஒன்று பொருத்தும்போது விளிம்பில் வெடித்தது. இன்னொன்று மூன்று வாரம் கழித்துப் பச்சைக் கோடு விழுந்து உத்தரவாதத்தில் திரும்பி வந்தது. அவருக்குப் புதிது போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகக் காசு வந்தது 18 டிஸ்பிளேக்குத்தான். 116,000 ஐ 18 ஆல் பிரித்தால் ஒன்றின் உண்மை அடக்கவிலை 6,444. விற்றது 7,250. மிச்சம் 806 ரூபா. அதற்குள் கொழும்பிலிருந்து வரும் கூரியர் செலவும், விற்காமல் பெட்டிக்குள் கிடக்கும் மொடல்களில் முடங்கிய காசும் அடங்க வேண்டும்.

வெடித்த டிஸ்பிளேயை மொத்த வியாபாரி திருப்பி எடுக்கமாட்டார். மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்தாலோ, பசை பட்டாலோ அது கடைக்காரரின் தலையில்தான். அதனால் கவனமுள்ள திருத்துநர் புதிய டிஸ்பிளேயை ஒட்டுவதற்கு முன், படலத்தோடே நாடா இணைப்பை மட்டும் செருகி, தொடுதிரையை மூலைக்கு மூலை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சோதனை வாடிக்கையாளர் கண்முன் நடந்தால் இருவருக்கும் நல்லது. பத்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான்.

ஒரே சதவீதத்தை எல்லாப் பாகத்துக்கும் போடுவதுதான் புதிதாகக் கடை போடுகிறவர்கள் செய்யும் பிழை. சார்ஜிங் துவாரமுள்ள சிறு தகடு 450 ரூபா என்றால் 25 சதவீதம் 112 ரூபா. அதில் ஒன்று பழுதாகிப் போனாலே நான்கு விற்ற இலாபம் போய்விடும். மறுபக்கம், 30,000 ரூபா டிஸ்பிளேக்கு 25 சதவீதம் 7,500. வாடிக்கையாளர் அங்கேயே நின்றபடி தராஸ் தளத்தில் விலை பார்த்துவிட்டு, “நீங்க பகல் கொள்ளை அடிக்கிறீங்க” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 30,000 ரூபா பாகத்தைப் பொருத்துவது ஆறு மடங்கு வேலை அல்ல.

ஆகவே குறைந்தது 300 ரூபா, 10,000 வரை 25 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று படியாக வைக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. 10,000 ஐத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் 15 சதவீதம் போட்டால், 9,900 ரூபா பாகம் 12,375 க்கு விற்கும். 10,100 ரூபா பாகம் 11,615 க்கு விற்கும். கூடுதல் விலைக்கு வாங்கியதைக் குறைத்து விற்கிறோம்! முதல் பத்தாயிரத்துக்கு 25, அதற்கு மேலுள்ள மிச்சத்துக்கு மட்டும் 15 என்று பிரித்துப் போட்டால் இந்த வம்பு வராது. அப்படிப் பார்த்தால் 30,000 ரூபா டிஸ்பிளேக்கு மேலே வைப்பது 5,500.

எந்த விலையின் மேல் சதவீதம் போடுவது என்பதை 2022 ஆம் ஆண்டு எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது. அந்த மார்ச் மாதம் ரூபாவின் பிடி விடப்பட்டது. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியது. 4,000 க்கு வாங்கி வைத்திருந்த டிஸ்பிளேயை 25 சதவீதம் வைத்து 5,000 க்கு விற்றவர், அதே டிஸ்பிளேயை மறுபடி வாங்கப் போனபோது அந்த 5,000 போதவில்லை. பெட்டியிலிருந்த சரக்கு இலாபத்தோடு விற்றுத் தீர்ந்தது, கடை வெறுமையானது. அன்றிலிருந்து விவரமானவர்கள் வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை, இன்றைக்கு வாங்கப் போனால் என்ன விலை என்பதைப் பார்க்கிறார்கள். டொலர் இறங்கும்போதும் அதே நேர்மை வேண்டும் என்பது வேறு கதை. அது எல்லாக் கடையிலும் நடக்கிறதென்று சொல்லமாட்டேன்.

மேசையில் சொல்வது

கணக்குச் சரியாக இருந்தும் சண்டை வருவது, சொல்ல வேண்டியதைப் போனைத் திறந்த பிறகு சொல்வதால்தான். திறந்து கிடக்கும் போனுக்கு முன்னால் நிற்கும் ஆளுக்குத் தெரிவு எதுவும் மிச்சமில்லை. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் 500 ரூபா என்பது ஒரு நாள் கூலியில் மூன்றில் ஒன்றுக்கு மேல். கொழுந்து பறித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் அதைக் கடைசியில் சொல்வது கொடுமை.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் மேசையில் இருக்கும் இளைஞருக்கும் இடையில் பேச்சு இப்படிப் போகலாம்.

“தம்பி, இது விழுந்திருச்சி. படம் ஒண்ணும் தெரியல. எவ்வளவு வரும்?”

“அம்மா, திறந்து பாத்தாத்தான் சரியா சொல்லலாம். திறக்க ஐந்நூறு ரூபா. போன் சரி வந்தாலும் வராட்டியும் அந்த ஐந்நூறு எடுப்பேன். டிஸ்பிளே மாத்தணும்னா உங்க மொடலுக்கு ஏழாயிரத்து இருநூத்தம்பது. நீங்க சரின்னு சொன்னாத்தான் மாத்துவேன்.”

“பாக்குறதுக்கும் காசா தம்பி?”

“டொக்டர சனல் பண்ணினா மருந்து வாங்குறதுக்கு முந்தியே காசு கட்டுறோமே அம்மா. மருந்துக் காசு வேற. அது மாதிரித்தான்.”

சனல் பண்ணும் உதாரணம் இந்த நாட்டில் எவருக்கும் உடனே பிடிபடும். டொக்டருக்குக் கட்டியதை மருந்துக் காசில் கழிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் வாடகை, மின்சாரம் என்று கடைக்காரர் தன் கஷ்டத்தை எடுத்து விரிக்கத் தேவையில்லை. கேட்கிறவருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் இருக்கும். அந்தப் பேச்சில் மூன்றே விசயங்கள்தான் உள்ளன: திறக்க எவ்வளவு, அது திரும்பாது, சம்மதம் இல்லாமல் பாகம் மாறாது. மூன்றும் ஆணி கழற்றுவதற்கு முன்னே சொல்லப்பட்டுவிட்டன.

அந்த அம்மா சம்மதித்தால் பில் 7,250, கட்டணம் 500, மொத்தம் 7,750. “எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு” என்ற முதல் கடையைவிட 750 குறைவு. சம்மதிக்காவிட்டால் 500 ஐக் கொடுத்துவிட்டு, என்ன பழுது என்று ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். அந்தத் துண்டை வேறு கடையில் காட்டி விலை கேட்கலாம். எழுதிக் கொடுக்காமல் 500 வாங்குகிற கடை, அரைவாசி வேலையைத்தான் செய்திருக்கிறது.

கண்டியில் மேசைப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம் நானாமாரின் கடைகளில் நமக்குச் சிக்கல் இல்லை. மற்ற இடங்களில், கிளிநொச்சியிலிருந்து வந்து சில மாதமே ஆன மாணவருக்கு “சரி, சரி” என்று தலையாட்டுவதைவிட வேறு வழி தெரிவதில்லை. தலையாட்டியதைக் கடைக்காரர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் விலைப்பலகை மேசைக்கு முன்னால் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். நான்கு வரி போதும்: திறந்து பார்க்க 500, பாகத்தின் விலை முன்கூட்டிச் சொல்லப்படும், கழற்றிய பழைய பாகம் கேட்டால் தரப்படும், படங்கள் அழிய வாய்ப்பிருந்தால் முதலில் கேட்கப்படும். தமிழ் வரியைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பலகை அடித்தால் நல்லது. கண்டியின் தமிழ்ப் பலகைகளில் எழுத்துப்பிழை தேடுவது எங்களில் சிலருக்குப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

பலகையால் தீராத சொல் ஒன்று உண்டு: “ஒரிஜினல்”. ஒரே மொடலுக்கு நிறுவனப் பொதியில் வருவது, வேறு போனிலிருந்து கழற்றியது, வேறு தொழிற்சாலையில் செய்த பிரதி என்று விலைகள் பிரியும். எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் என்றே பெயர். மேலே வைக்கும் சதவீதம் நேர்மையாக இருந்து பாகத்தின் தரம் பொய்யாக இருந்தால் பயனில்லை. ஐபோனில் இதை ஓரளவு சரிபார்க்கலாம். ஐபோன் 11 முதல் வந்த மொடல்களில் டிஸ்பிளே மாற்றிய பிறகு Settings, General, About என்று போனால், பாகம் நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்படாதபோது Unknown Part என்று காட்டும். அப்படிக் காட்டினால் டிஸ்பிளே வேலை செய்யாது என்பதில்லை. அதற்குக் கொடுத்த விலை சரியா என்று கேட்கலாம். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் இப்படி ஒரு வசதி இல்லை. எந்தத் தரம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதுதான் வழி.

போன் வேணுமா, படங்கள் வேணுமா?

மேசையில் கேட்க வேண்டிய, ஆனால் அரிதாகவே கேட்கப்படும் கேள்வி இது. நம்மவர்களின் போன்களில் இருப்பது சிரித்த படங்கள் மட்டுமல்ல. காணாமல்போன மகனின் பழைய படத்தைப் படமெடுத்து வைத்தது, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, இறந்துபோன தகப்பன் அனுப்பிய குரல்பதிவு. அந்த அம்மாவின் போனிலும் அப்படி ஏதாவது இருந்து, அவர் வந்தது அதற்காக மட்டுமே என்றால், 7,250 ரூபா டிஸ்பிளே தேவையே இல்லை.

திருத்துநர் போனைத் திறந்து, கடையில் இருக்கும் சோதனை டிஸ்பிளே ஒன்றைத் தற்காலிகமாகச் செருகுகிறார். திரை வருகிறது. இரகசிய இலக்கத்தை அந்த அம்மாவே தன் கையால் அழுத்துகிறார். படங்களும் குரல்பதிவுகளும் ஒரு மெமரி கார்ட்டுக்கு மாற்றப்படுகின்றன. சோதனை டிஸ்பிளே கழற்றப்படுகிறது. திறந்ததற்கு 500, பிரதி எடுத்ததற்கு இன்னொரு 500 என்று வைத்தால் மொத்தம் 1,000, கார்ட் அவருடையது. கூலியும் பாகமும் தனித்தனி வரியாக இருக்கிற கடையால்தான் இப்படிப் பில் போட முடியும். “எல்லாம் சேர்த்து” விலை சொல்லும் கடைக்கு விற்பதற்கு டிஸ்பிளே மட்டும்தான் இருக்கிறது.

எல்லா நேரமும் இது கைகூடாது. இப்போதைய போன்களில் உள்ளிருக்கும் தகவல் பூட்டப்பட்ட நிலையில்தான் சேமிக்கப்படுகிறது. சேமிப்பு ஐசியைத் தனியே கழற்றி வாசித்தால் ஒன்றும் விளங்காது. அதே மதர்போர்ட் உயிர்பெற வேண்டும், இரகசிய இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவரின் போனை இலக்கம் தெரியாமல் கொண்டு வருகிறவரிடம் 500 வாங்கித் திறப்பது அநியாயம். மேசையிலேயே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். மதர்போர்ட்டை உயிர்ப்பிக்கும் வேலை 500 க்குள் அடங்காது. அதற்கு உச்சத் தொகை ஒன்றைச் சொல்லி, “சரி வராவிட்டால் 500 மட்டும்” என்று எழுதிக்கொண்டே தொடங்க வேண்டும்.

யுத்த காலத்துப் பழைய நோக்கியா போன்களின் கதை வேறு. பலர் அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பற்றரி ஊதியிருந்தால் அதைச் சார்ஜ் போட முயலாமல் கழற்றி எடுத்துவிட வேண்டும். அக்காலத்து நோக்கியா மொடல்கள் பலவற்றுக்குப் பொருந்தும் BL-5C பற்றரி இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. படங்கள் பெரும்பாலும் உள்ளிருக்கும் மெமரி கார்ட்டிலேயே இருக்கும். அதைக் கழற்றி ஒரு கார்ட் ரீடரில் போட்டால் போனையே தொட வேண்டியதில்லை. குறுஞ்செய்திகள் மட்டும் போனின் உள்நினைவில் இருக்கும், அதற்குப் போன் எழும்ப வேண்டும். மின்சாரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நினைவகம் மெதுவாகத் தன் பதிவை இழக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆணி கழற்றாத வேலை என்பதால் இதற்கு முழுக் கட்டணம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பணம் கொடுத்த பிறகு

போனை ஒப்படைக்கும்போது, திரை ஒளிர்கிறதா, தொடுதிரை, கமரா, ஒலி, கைரேகை வேலை செய்கின்றனவா என்று பார்த்து எழுதிக்கொள்வது இருபக்கமும் தப்பிக்க வழி. டிஸ்பிளே மாற்றப் போய் கைரேகை போய்விட்டது என்ற முறைப்பாட்டில், முதலிலேயே அது வேலை செய்ததா என்பதை நிரூபிக்க இருவருக்கும் வேறு வழியில்லை. *#06# அழுத்தினால் வரும் IMEI இலக்கத்தையும் சீட்டில் எழுத வேண்டும். திரும்பி வாங்கும்போது மறுபடி அழுத்திப் பார்த்தால், உள்ளிருக்கும் மதர்போர்ட் நம்முடையதுதானா என்பது தெரிந்துவிடும். திரையே வராத போனில் இதைச் செய்ய முடியாது. சிம் தட்டிலோ வாங்கிய பெட்டியிலோ இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பல மொடல்களில் இருக்கும்.

திருத்திய அதே பழுது உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வந்தால் மறுபடி 500 எடுக்கக் கூடாது. அந்தத் திரும்புதலுக்கான காசு பாகத்தின் மேல் வைத்த தொகையில் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது. 20 டிஸ்பிளேயில் ஒன்று திரும்பும் என்றுதானே மேலே கணக்குப் போட்டோம். மறுபடி வாங்கினால் ஒரே செலவுக்கு இருமுறை வாங்கியதாகும். வேறு பழுதோடு வந்தால் அது புதுப் போன் வந்ததற்குச் சமம், கட்டணம் உண்டு. எது அதே பழுது என்பதில் சச்சரவு வரும். முதல் சீட்டில் “டிஸ்பிளே மாற்றப்பட்டது, மூன்று மாதம், உடைந்தால் அல்லது நீர் பட்டால் செல்லாது” என்று ஒரு வரி இருந்தால் பாதிச் சச்சரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

சீட்டுக் கேட்பது கடைக்காரரை அவமதிப்பதல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அந்தச் சீட்டில் திறந்த கட்டணம் ஒரு வரியிலும், பாகமும் அதன் தரமும் இன்னொரு வரியிலும் இருக்கட்டும். “ரிப்பேர் 7,750” என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்பிளேயையும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி மட்டும் உடைந்து, உள்திரை நல்லபடி இருக்கும் டிஸ்பிளேக்களைப் புதுக் கண்ணாடி போட்டு மறுபடி விற்கிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். மொடலைப் பொறுத்து அதற்கு ஒரு விலை உண்டு. கடைக்காரர் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், எவ்வளவு கழிப்பார் என்று அப்போதே கேட்கலாம்.